அடும்புக்கு எத்தனை இதழ்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை நிறுத்தி உப்பளத்தைப் படம் எடுப்பது வழக்கம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீர், வரப்போரம் குவித்து வைத்த வெள்ளை உப்பு, இவை போதும் ஒரு நல்ல படத்துக்கு. கொஞ்சம் நடந்து கடல் பக்கம் போனால் மணல்மேட்டில் அடும்புக் கொடி படர்ந்திருக்கும். காலை நேரமென்றால் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களும் விரிந்திருக்கும். கைபேசியை நீட்டினால் பூவின் நிறம், இலையின் பளபளப்பு, மணலின் பொடி வரை எல்லாம் படத்தில் வந்துவிடும்.

அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்கிறார்: இந்தப் பூவுக்கு எத்தனை இதழ்? படம் பதில் சொல்லாது. தனித்தனி இதழே அதில் தெரியாது. வாய் அகன்ற ஒரே புனலாகப் பூ இருக்கும். உள்ளே எத்தனை மகரந்தத்தாள் என்று கேட்டால் இரண்டோ மூன்றோ தலை நீட்டிக்கொண்டிருக்கும், மிச்சம் இருட்டில் கிடக்கும். பூவின் பின்பக்கம் படத்திலேயே இல்லை.

தாவரவியல் நூல்களைப் புரட்டியவர்களுக்கு வெகுநாளாக உள்ள ஒரு சந்தேகம் இங்கே வந்து சேர்கிறது. இவ்வளவு துல்லியமான கேமரா எல்லோர் கையிலும் இருக்கும்போது, ஒரு புதிய செடியை உலகுக்கு அறிவிக்கும் ஆய்வாளர் ஏன் இன்னும் கறுப்பு மையில் கோடும் புள்ளியுமாக ஒரு படத்தை வரைந்து சேர்க்கிறார்? பழக்கம் மட்டுமே காரணமா? மரக்காணத்து அடும்பின் புகைப்படம் ஒன்றை மைப்படமாக மாற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒளியின் விளிம்பும் உறுப்பின் விளிம்பும்

புகைப்படத்தைக் கோட்டுப்படமாக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அவை பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளியோடு ஒப்பிடும். வெளிச்சம் திடீரென மாறும் இடத்தில் ஒரு கோடு போடும். மாற்றம் மெதுவாக இருந்தால் விட்டுவிடும். இதை விளிம்பறிதல் என்று சொல்லலாம். மனித முகத்துக்கும் கட்டடத்துக்கும் இது சுமாரான விளைவைத் தருகிறது.

அடும்பில் என்ன ஆகும்? பூவின் தொண்டைப் பகுதி மற்ற இடத்தைவிட அடர்ந்த நிறம். அங்கே வெளிச்சம் சட்டென்று குறைவதால் மென்பொருள் ஒரு வட்டம் போடுகிறது. பார்ப்பவருக்கு அங்கே ஒரு உறுப்பு முடிந்து இன்னொன்று தொடங்குவதாகத் தோன்றும். உண்மையில் அது ஒரே இதழ்ப்பரப்புதான், நிறம் மட்டுமே மாறியிருக்கிறது. இலையின் நிழல் மணலில் விழுந்திருக்கும், அந்த நிழலுக்கும் கோடு உண்டு. மணல் துகள் ஒவ்வொன்றுக்கும் கோடு உண்டு. ஆனால் ஒரே பச்சையில் இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் கோடு வராது. அங்கே இரண்டு உறுப்புகளின் எல்லை இருக்கிறது, வெளிச்சத்தில் மாற்றம் இல்லை.

இந்தக் கலையின் மையச் சிக்கல் இதுதான். கேமராவுக்குத் தெரிவது ஒளியின் விளிம்பு. மைப்படத்துக்கு வேண்டியது உறுப்பின் விளிம்பு. பல இடங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும், சில இடங்களில் இருக்காது. எந்த இடத்தில் எது என்று தீர்மானிக்கச் செடியைத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆகவே புகைப்படத்திலிருந்து மைப்படத்துக்குப் போவது நகலெடுக்கும் வேலை அல்ல. புகைப்படம் விட்டுவைத்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தேடும் வேலை.

ரங்கையாவும் கோவிந்துவும்

இந்த வேலைக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தென்னிந்தியச் செடிகளைச் சேகரிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வைட் சென்னையில் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்ற ஆறு தொகுதி நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படத்தட்டுகள் இருக்கின்றன. எல்லாம் கல்லச்சில் பதிந்த, வண்ணம் தீட்டாத கோட்டுப்படங்கள். கிளை நடுவில் இருக்கும். அறுத்த பூ, மகரந்தத்தாள், சூற்பை, விதை ஆகியவை கீழேயும் பக்கத்திலும் சிறு சிறு படங்களாக எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயியா’ என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை, அந்தச் செடி ட்ரொபிடியா என்ற பேரினத்துக்குள் போய்விட்டது. என்றாலும் ஓவியரின் பெயரை அறிவியல் பெயராக்கிய அந்தச் செயல், வேலையின் மதிப்பை வைட் எப்படி உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அடும்புக்கு இதைவிடப் பழைய படம் ஒன்று உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் பதினோராம் தொகுதியில் அடும்பு வருகிறது. 1753இல் லின்னேயஸ் இந்தச் செடிக்குப் பெயரிட்டபோது அந்தப் படத்தையும் மேற்கோள் காட்டினார். அந்த நூலின் தட்டுகளில் செடியின் பெயரைப் பல எழுத்துகளில் பொறித்தார்கள்.

நம் காலத்துக்கு வந்தால், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து கே. எம். மேத்யூ 1982இல் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்களின் படத்தொகுதியைச் சொல்ல வேண்டும். தமிழகச் சமவெளியில் செடி பார்ப்பவர்கள் இன்றும் கையில் வைத்துப் புரட்டும் நூல் அது. முழுக்கக் கோட்டுப்படங்கள்தான்.

ஒரு படம் போதாது

இனி அடும்புக்கு வருவோம். மைப்படத்துக்கு ஆதாரமாக ஒரு புகைப்படம் போதாது, ஒரு தொகுப்பு வேண்டும். பூ முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். மொட்டு. இலையின் மேற்புறம், அடிப்புறம். வேர் விட்ட ஒரு கணு. காய், வெடித்த காய், விதை. இவ்வளவையும் ஒரே கொடியிலிருந்து எடுப்பது நல்லது. வேறு வேறு கொடியின் உறுப்புகளை ஒட்டி வரைந்தால், இரண்டு வெவ்வேறு வகைகள் ஒரே படத்தில் கலந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

நேரம் முக்கியம். அடும்புப் பூ ஒரு நாள் பூ. விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறத் துவண்டு, பிற்பகலில் சுருண்டுவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடிப்பது உத்தமம். கடற்கரை வெயில் நேராக விழுந்தால் நிழல் கறுத்துவிடும். வெள்ளைத் துணியோ குடையோ பிடித்து ஒளியை மெத்தென்று ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூரம். கைபேசியில் எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இலையின் நுனி லென்சிலிருந்து பத்து செ.மீ. தூரத்திலும் அடிப்பகுதி பதினான்கு செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா அருகில் உள்ளதைப் பெரிதாகப் பதியும். இரண்டு பகுதியும் உண்மையில் ஒரே அகலம் என்றாலும் படத்தில் நுனி 1.4 மடங்கு அகலமாகத் தெரியும். அதே இலையை அரை மீட்டர் தள்ளி நின்று உருப்பெருக்கி எடுத்தால் தூரங்கள் 50, 54 செ.மீ. ஆகின்றன, வித்தியாசம் எட்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கேமராவைக் கிட்டே கொண்டுபோகாமல் தள்ளி நின்று எடுப்பதுதான் வழி. படத்தில் இலை இருக்கும் அதே தளத்தில் ஓர் அளவுகோலையும் வைக்க வேண்டும். இலைக்குப் பின்னால் தாழ்வாகவோ முன்னால் உயர்வாகவோ வைத்த அளவுகோல் பொய் சொல்லும்.

அடும்பு இலையில் இன்னொரு சிக்கல். அது நடுநரம்பில் மேல்நோக்கி மடிந்து நிற்கும். அப்படியே எடுத்தால் அகலம் பாதியாகவும் நுனியில் உள்ள பிளவு வேறு வடிவமாகவும் தெரியும். இந்தப் பிளவை லேசாக நினைக்கக்கூடாது. அடும்பில் இரண்டு துணையினங்களைத் தாவரவியலாளர் பிரிக்கிறார்கள். வெப்பமண்டலக் கரைகள் எங்கும் பரவியதில் இலைநுனி லேசாகத்தான் குழிந்திருக்கும். அரபிக் கடல், வங்கக் கடல் கரைகளில் உள்ளதில் பிளவு ஆழமாக இறங்கும். வரைபவர் பிளவைக் கண்ணால் மதிப்பிட்டு இழுத்தால் ஒரு துணையினத்தை மற்றதாக்கிவிடுவார். ஆகவே ஓர் இலையைப் பறித்து, விரித்து, கண்ணாடித் தகட்டுக்குக் கீழே அழுத்தி, மேலே நேராக நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். அளவுகோலின் பத்து மில்லிமீட்டர் படத்தில் 400 புள்ளிகளை அடைத்தால், 2,400 புள்ளி நீளமுள்ள இலை ஆறு செ.மீ. பிளவின் ஆழத்தையும் அதே கணக்கில் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

இலையைத் திருப்பிப் பார்க்கவும் மறக்கக்கூடாது. காம்பும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் அடிப்புறமாக இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அவை வராது.

பூவைத் திறப்பது

இதழ்க் கணக்குக்கான விடை பூவுக்குள் இருக்கிறது, அதன் மொட்டிலும் இருக்கிறது.

அடும்பின் மொட்டு மடக்கிய குடை போலச் சுருண்டிருக்கும். வெளியே தெரிவது ஐந்து தடித்த பட்டைகள். பட்டைகளுக்கு இடையிலான மெல்லிய பகுதி உள்ளே மடங்கிக் கிடக்கும். பூ விரிந்த பிறகு அந்தப் பட்டைகள் புனலின் மீது அடியிலிருந்து விளிம்பு வரை ஓடும் ஐந்து கதிர்களாகத் தெரியும். இவற்றை இதழ்ப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையும் ஓர் அல்லி இதழின் நடுப்பகுதி. ஐந்து இதழ்கள் பக்கவாட்டில் ஒட்டி ஒரே புனலாகியிருக்கின்றன. அடும்புக்கு ஐந்து இதழ் என்று சொல்வதற்கு ஆதாரம் இதுதான். மைப்படத்தில் இந்தப் பட்டைகளைக் கட்டாயம் காட்ட வேண்டும். தொண்டையின் நிற வட்டத்துக்குக் கோடு போடவே கூடாது. புகைப்படத்தில் நிற வட்டம் உரத்துத் தெரியும், பட்டைகள் மங்கலாக இருக்கும். மைப்படம் இந்த முன்னுரிமையைத் தலைகீழாக்குகிறது.

உள்ளே பார்க்கப் பூவை அறுக்க வேண்டும். புதிய சவர பிளேடால் புனலை ஒரு பக்கமாக மேலிருந்து அடிவரை கீறி, மெதுவாக விரிக்க வேண்டும். அடும்பை வெட்டிய இடத்தில் வெண்மையான பால் கசியும், ஈரப்பஞ்சால் ஒற்றி எடுக்காவிட்டால் அது மயிர்களை ஒட்டவைத்து உறுப்பை மறைத்துவிடும். வெட்டிய பூ சில நிமிடங்களில் துவளும். ஆழமில்லாத தட்டில் நீர் விட்டு, அடியில் கறுப்புத் தாள் வைத்து, விரித்த பூவை அதில் மிதக்கவிட்டால் இதழ் சுருங்காது, ஓரமும் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சைக் கைபேசியின் கேமரா மேல் வைத்தே நல்ல படங்கள் எடுத்துவிடலாம்.

இப்போது எண்ணலாம். ஐந்து மகரந்தத்தாள்கள், நீளத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. கம்பிகளின் அடிப்பகுதி புனலோடு ஒட்டியிருக்கிறது, அந்த இடத்தில் நுண்ணிய மயிர்கள். நடுவில் சூற்பை, அதன் அடியைச் சுற்றித் தேன் சுரக்கும் வளையம். மேலே மெல்லிய சூலகத்தண்டு. நுனியில் சூலகமுடி இரண்டு உருண்டைகளாகப் பிரிந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஓர் உருண்டை மற்றதை மறைத்துவிடும், ஒன்றே இருப்பதாக வரைந்துவிடத் தோன்றும்.

வரைந்தது சரியா என்று பார்க்கப் பூவே ஒரு சோதனையைத் தருகிறது. பூவின் வட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைகின்றன. வெளியே ஐந்து புல்லி இதழ்கள். அவற்றின் இடைவெளிக்கு நேராக ஐந்து அல்லி இதழ்கள். அல்லி இதழ்களின் இடைவெளிக்கு நேராக ஐந்து மகரந்தத்தாள்கள். எனவே விரித்த பூவில் எந்த மகரந்தக்கம்பியும் இதழ்ப்பட்டையின் நடுக்கோட்டில் தொடங்காது, இரண்டு பட்டைகளுக்கு நடுவில்தான் தொடங்கும். பின்பக்கப் படத்தில் ஒவ்வொரு பட்டையும் இரண்டு புல்லிகளுக்கு இடையிலிருந்து மேலேறும். வரைந்த படத்தில் கம்பி பட்டையின் மேலேயே நின்றால் எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது. அநேகமாக, புகைப்படத்தில் மறைந்த ஒரு தாளை ஊகித்துப் போட்டிருப்பார்கள்.

புல்லிகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஐந்தில் இரண்டு முழுவதும் வெளியே, இரண்டு முழுவதும் உள்ளே, மிச்சமுள்ள ஒன்றின் ஒரு விளிம்பு வெளியே, மறு விளிம்பு உள்ளே. வெளிப்புல்லிகள் உட்புல்லிகளைவிடச் சற்றுக் குட்டை. எந்த விளிம்பு எதன் மேல் ஏறுகிறது என்று ஊசிமுனையால் தூக்கிப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும்.

பென்சிலில் ஒரு பக்கம்

இனி மேசைக்கு வரலாம். அச்சில் ஏ4 அளவில் வரவேண்டிய படத்தை ஏ3 தாளில் வரைவது வசதி. அதைச் சுருக்கினால் நீளம் சுமார் 71 சதவீதமாகிறது. கை நடுக்கமும் சிறு பிசிறுகளும் சுருங்கி மறைந்துவிடும்.

தேர்ந்தெடுத்த புகைப்படங்களை வேண்டிய அளவில் மங்கலாக அச்சிட்டு, ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பிப் பென்சிலால் புறக்கோட்டை எடுக்கலாம். கணினியில் வரைபவர்கள் படத்தை ஓர் அடுக்கில் வைத்து மங்கலாக்கி, மேலடுக்கில் கோடு இழுக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். வெளிக்கோடு வரைக்கும் புகைப்படத்தை நம்பலாம். உள்ளே போகப்போக, செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தே வரைய வேண்டும்.

பக்கத்தின் நடுவில் கொடி: ஊர்ந்து செல்லும் தண்டு, வேர் விட்ட கணு ஒன்று, இலைகள் நான்கைந்து, ஒரு மொட்டு, விரிந்த பூ, ஒரு காய். சுற்றிலும் விரித்த இலையின் அடிப்புறம், பிளந்து விரித்த பூ, தனி மகரந்தத்தாள், சூலகம், வெடித்த காய், விதை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பெருக்கத்தில் இருப்பதால் ஒவ்வொன்றின் கீழும் தனி அளவுக்கோடு வேண்டும். கொடிக்கு ஐந்து செ.மீ. குறிக்கும் கோடு, பூவுக்கு ஒரு செ.மீ., சூலகத்துக்கு இரண்டு மி.மீ. என்று. ‘இரண்டு மடங்கு’ என்று எழுத்தில் போடும் பழைய வழக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. அச்சகம் படத்தைச் சுருக்கினால் அந்த எழுத்து பொய்யாகிவிடும். அளவுக்கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் எப்போதும் உண்மையாக இருக்கும்.

எதை விடுவது, எதை விடக்கூடாது என்ற தீர்ப்பும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. ஒட்டியிருக்கும் மணல், பூச்சி கடித்த துளை, காற்றில் கிழிந்த ஓரம் ஆகியவை இந்தக் கொடிக்கு நேர்ந்தவை, இனத்தின் இயல்பு அல்ல. அவற்றை விட்டுவிடலாம். கிழிந்த இலையின் ஓரத்தை அதே கொடியின் முழு இலையைப் பார்த்து நிரப்பலாம். காய் கிடைக்கவில்லை என்றால் மட்டும் வேறு நூலின் படத்திலிருந்து எடுத்து ஒட்டக்கூடாது. இடத்தைக் காலியாக விட்டு, காய்க்கும் காலத்தில் திரும்பி வர வேண்டும்.

கோடு எதற்கு, புள்ளி எதற்கு

மை நீரில் கரையாத கறுப்பு மையாக இருக்க வேண்டும். புறக்கோட்டுக்கு 0.3 மி.மீ. முனை, நரம்புக்கு 0.2 போதும். 0.1 முனையால் இழுத்த கோடு சுருக்கத்துக்குப் பிறகு 0.07 மி.மீ. ஆகி, சாதாரண அச்சில் விட்டுவிட்டுத் தெரியும். நுண்மயிர் வரைபவர்கள் மிகவும் ஏமாறுவது இதில்தான். தாளில் அழகாக இருந்த மகரந்தக்கம்பியின் மயிர்கள் அச்சில் காணாமல் போய்விடும்.

நிழல் காட்டப் புள்ளிகளை வைக்கிறார்கள். பென்சில் ஓவியர்கள் சாய்கோடுகளால் நிழல் போடுவார்கள். தாவரப் படத்தில் அது ஆகாது. இலையின் மேல் உள்ள கோடு நரம்பு என்று படிக்கப்படும். தண்டின் மேல் உள்ள குறுங்கோடு மயிர் என்று படிக்கப்படும். அடும்பின் தண்டும் இலையும் வழவழப்பானவை. நிழலுக்காக அதில் குறுங்கோடு போட்டால், மயிருள்ள வேறொரு செடியாக அது மாறிவிடும். புள்ளிக்கு அப்படி ஒரு பொருளும் கிடையாது, அது வெறும் இருட்டு.

புள்ளித்தீட்டல் பொறுமையைக் கேட்கும் வேலை. 0.2 மி.மீ. குறுக்களவுள்ள புள்ளிகளால் ஒரு சதுர செ.மீ. இடத்தில் பத்து சதவீதச் சாம்பல் நிறம் கொண்டுவர ஏறத்தாழ 320 புள்ளிகள் வேண்டும். உள்ளங்கை அகல இலை முழுவதும் நிழல் போட்டால் பல ஆயிரம் புள்ளிகள் ஆகும். அதனால் ஒளி இடது மேல்புறமிருந்து வருவதாக வைத்துக்கொள்ளும் மரபைப் பின்பற்றி, வலது கீழ்ப்பக்கத்திலும் நரம்பின் ஒரு பக்க ஓரத்திலும் மட்டும் புள்ளியிடுகிறார்கள். மற்ற இடம் வெள்ளை. நடுநரம்பின் மடிப்பு அடும்பில் இப்படித்தான் நன்றாகப் புலப்படும்: மடிப்பின் ஒரு பாதி வெள்ளை, மறுபாதியில் நரம்பிலிருந்து விளிம்பு நோக்கிக் குறைந்துகொண்டே போகும் புள்ளிகள்.

தொண்டையின் அடர்நிறத்தையும் புள்ளியால் காட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது என்பதே நல்ல தீர்ப்பு. ஒரே படத்தில் புள்ளி நிழலையும் குறித்து நிறத்தையும் குறித்தால் படிப்பவர் குழம்பிவிடுவார். நிறத்தைப் படவிளக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

பெயரிடுதல்

படத்தில் உறுப்பைச் சுட்டும் மெல்லிய கோட்டைச் சுட்டுக்கோடு எனலாம். அது உறுப்பைத் தொட்டு முடிய வேண்டும், பக்கத்தில் தொங்கக்கூடாது. அம்புமுனை வேண்டாம், அது சிறிய உறுப்பை மறைத்துவிடும். ஒன்றையொன்று வெட்டக்கூடாது. புறக்கோட்டைவிட மெல்லியதாக, நேராக இருந்தால் தண்டு என்றோ நரம்பு என்றோ யாரும் மயங்க மாட்டார்கள். ஆய்விதழ்கள் எழுத்துக் குறியீடு போட்டுக் கீழே விளக்கம் தரும். பள்ளிக்கும் பொது வாசகருக்கும் பெயரை நேராக எழுதுவது நல்லது.

அடும்புத் தட்டில் வரவேண்டியவை இவை: கணு, கணுவேர், இலைக்காம்பு, அடிச்சுரப்பி, நுனிப்பிளவு; புல்லி இதழ், அல்லிப்புனல், இதழ்ப்பட்டை; மகரந்தக்கம்பி, மகரந்தப்பை; சூற்பை, தேன்வளையம், சூலகத்தண்டு, சூலகமுடி; காய், விதை. விதையை மறைத்து நிற்கும் பழுப்பு மயிருக்கும் ஒரு சுட்டுக்கோடு கொடுக்கலாம். கடல்நீரில் மிதந்து கரை விட்டுக் கரை சேரும் விதை அது.

பெயரிடும்போது எழும் சிக்கல், எழுதியது பிழை என்றால் படமே பிழையாகிவிடும் என்பது. பெயரில்லாத கோட்டுப்படத்தில் ஒரு வடிவம் தவறாக இருந்தால் அது வடிவத்தின் தவறு. ‘மகரந்தத்தாள்’ என்று எழுதிவிட்டால் அது ஒரு கூற்று, சரிபார்க்கக்கூடியது, மறுக்கக்கூடியது. அதனால்தான் பெயர்களைக் கடைசியில், செடியை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். புகைப்படத்தை மட்டும் பார்த்துப் பெயரிட்டவர்கள் மொட்டின் காம்பை இலைக்காம்பு என்றும், தேன்வளையத்தைச் சூற்பையின் பகுதி என்றும் எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

படத்தோடு சேர வேண்டியவை

மைப்படம் செடிக்கு மாற்று அல்ல. நிறம் அதில் இல்லை. பால் கசிவது இல்லை. எந்த மாதம் பூத்தது, மணல்மேட்டின் எந்தச் சரிவில் வளர்ந்தது என்பதும் இல்லை. புகைப்படத்துக்குத் தெரிந்த பலவற்றை மைப்படம் வேண்டுமென்றே மறந்திருக்கிறது. எனவே இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, வரைந்த அதே கொடியின் ஒரு துண்டைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்திச் சான்றுமாதிரியாக வைக்க வேண்டும். அடும்பு இலை சதைப்பற்றானது, ஒரே நாளில் காயாது. தாளைத் தினமும் மாற்றாவிட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். விரித்த ஒரு பூவை மட்டும் எழுபது சதவீத ஆல்கஹாலில் போட்டு மூடி வைத்தால் நிறம் போனாலும் வடிவம் நிற்கும். பிற்காலத்தில் யாருக்காவது படத்தின் மேல் சந்தேகம் வந்தால் அந்தப் பூவை மறுபடி விரித்து எண்ணிப் பார்க்கலாம்.

மரக்காணத்துக்கு அருகே, புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒரு ஹெர்பேரியம் இருக்கிறது. தென்னிந்தியத் தாவரங்களின் உலர்ந்த மாதிரிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அடும்பையோ உப்பள வரப்பில் சிவந்து கிடக்கும் வேறெந்தப் பூண்டையோ வரைந்து முடித்தவர்கள், படத்தின் கீழ் இடம், நாள், பறித்தவர் பெயர், சான்றுமாதிரியின் எண் நான்கையும் மையிலேயே எழுதிவிடுங்கள்.